'50 போர்டு, அர்ஜென்ட்': பிசிபிக்கு கொட்டேஷன் கேட்பது எப்படி

முதல் தடவை பிசிபி செய்து கொடுக்கும் ஃபேபுக்கு நான் அனுப்பிய மெயிலில் மொத்தமே ஒரு வரிதான் இருந்தது. "4 லேயர் போர்டு, 50 எண்ணம், அர்ஜென்ட், விலை சொல்லுங்கள்." மூன்று இடத்துக்கு அனுப்பினேன். மூன்று விலை வந்தது. ஒன்று மற்றொன்றைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நான் உடனே குறைந்த விலைக்காரரை நல்லவர் என்றும் அதிக விலைக்காரரைக் கொள்ளைக்காரர் என்றும் முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து மூன்றையும் வரி வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது, மூவரும் மூன்று வேறு வேறு போர்டுக்கு விலை போட்டிருக்கிறார்கள். ஒருவர் பாகங்களைச் சோல்டர் செய்யும் பேடுகளுக்குச் சோல்டர் பூச்சு போட்டிருந்தார், ஒருவர் தங்கப் பூச்சு. ஒருவர் விலையில் ஒரே தடவை ஆகிற டூலிங் செலவும் சேர்ந்திருந்தது, மற்ற இருவரிடம் அது தனி.

அவர்கள் மேல் தப்பில்லை. நான் எழுதாமல் விட்ட இடத்தை அவரவர் வழக்கப்படி நிரப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எந்த ஃபேபிலும் இதுதான் நடக்கும். அதனால் எவையெல்லாம் எழுதாமல் விட்டால் பணமோ போர்டோ கெடும் என்பதை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு, கோயம்புத்தூர்ப் பக்கம் நிறையப் பேர் செய்கிற ஒரு பொருளையே எடுத்துக்கொள்கிறேன்: போனில் இருந்து மோட்டாரை ஆன் ஆஃப் செய்கிற பம்ப் கன்ட்ரோலர். 80 × 60 மில்லிமீட்டர் போர்டு. அதில் ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், ஆன்டெனாவுக்கு ஒரு டிராக், 0.5 மில்லிமீட்டர் பிட்ச்சில் கால்களே வெளியே தெரியாத ஒரு சின்னப் பவர் சிப்.

லேயரில் ஆரம்பிக்கலாம். லேயர் என்றால் காப்பர் லேயர் மட்டும். ஃபேபுக்கு அனுப்புகிற கெர்பர் டிசைன் ஃபைல்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் ஒன்பது பத்து ஃபைல் இருக்கும். பச்சை மாஸ்க்குக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று, வெள்ளை எழுத்துக்கு ஒன்றிரண்டு, பேஸ்ட்டுக்கு, விளிம்புக்கு என்று. அதை எண்ணிப் பார்த்து "9 லேயர்" என்று எழுதிய ஒரு பையனை எனக்குத் தெரியும். அங்கே சிரித்திருப்பார்கள், ஆனால் போன் பண்ணிக் கேட்டார்கள். இன்னொன்று, லேயர் இரட்டைப்படையில்தான் போகும். மூன்று லேயர் போதும் என்று நீங்கள் கெஞ்சினாலும் நான்கு லேயருக்கு ஆகிற வேலைதான் ஆகும், விலையும் அதுதான். ஆகவே நாலாவதைச் சும்மா விடாமல் கிரவுண்டாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

நான்கு லேயர் என்று எழுதியதும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். அங்கேதான் எங்கள் ஆன்டெனா மாட்டிக்கொண்டது. நான்கு லேயர் போர்டின் நடுவில் கோர் என்று ஒரு கெட்டிப் பலகை, அதன் இரண்டு பக்கமும் காப்பர். அதற்கு மேலும் கீழும் ப்ரீப்ரெக் என்கிற, இன்னும் முழுதாக இறுகாத ரெசின் ஊறிய கண்ணாடித் துணி. அதன்மேல் வெளிக் காப்பர். எல்லாவற்றையும் சூட்டில் அழுத்தி ஒட்டுவார்கள். இந்த அடுக்குக்குப் பெயர்தான் ஸ்டாக்கப். மொத்தம் 1.6 மில்லிமீட்டர் வரவேண்டும் என்றால், கோரைத் தடியாகப் போட்டு ப்ரீப்ரெக்கை மெல்லியதாக வைக்கலாம், அல்லது கோரைக் குறைத்து ப்ரீப்ரெக்கை ஏற்றலாம். இரண்டுமே "4 லேயர், 1.6" தான். ஆனால் ஆன்டெனா டிராக்குக்கு முக்கியம் மேல் காப்பருக்கும் அடுத்த கிரவுண்டுக்கும் நடுவில் உள்ள தூரம். அது 0.21 மில்லிமீட்டர் என்று நினைத்து 0.35 மில்லிமீட்டர் அகலத்தில் டிராக் வரைந்தால் அதன் இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட 50 ஓம் வரும், ஆன்டெனாவுக்கு வேண்டியது அதுதான். அதே டிராக்குக்கு அடியில் ஃபேப் 0.36 மில்லிமீட்டர் வைத்துவிட்டால் 70 ஓமை நெருங்கிவிடும். போர்டு பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மீட்டரில் கன்டின்யுட்டி எல்லாம் சரியாக வரும், ஊருக்குள் வேலையும் செய்யும். டவர் தூரமாக இருக்கிற தோட்டத்துக்குக் கொண்டுபோனால் மட்டும் சிக்னல் விட்டுவிட்டுப் போகும். அங்கே போய்த்தான் நாங்கள் கண்டுபிடித்தோம்.

அதனால் இம்பீடன்ஸ் பார்க்கிற டிராக் ஒன்றாவது இருந்தால், "மேல் லேயரில் 0.35 அகல டிராக், இரண்டாம் லேயர் கிரவுண்ட், 50 ஓம், உங்கள் ஸ்டாக்கப்பை அனுப்புங்கள்" என்று கேளுங்கள். இன்னும் நல்லது, டிராக் வரையும் முன்பே அவர்கள் வழக்கமாகப் போடும் ஸ்டாக்கப்பை வாங்கி அதற்கேற்ற அகலத்தில் வரைவது. அவர்களிடம் இல்லாத ப்ரீப்ரெக்கைக் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள், அதற்குக் காசும் நாளும் ஆகும். இரண்டு லேயர் போர்டுக்கு, அதுவும் ரிலேயும் எல்இடியும் மட்டும் இருந்தால், இந்தப் பாடு எதுவும் வேண்டாம்.

தடிமனைப் பற்றி எழுத அதிகமில்லை, ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. 1.6 என்பதுதான் எல்லோரிடமும் ரெடியாக இருப்பது. வேறு அளவு தேவைப்படுவது பெரும்பாலும் எதிலாவது செருகும்போதுதான். மினி பிசிஐ கார்டுக்கு 1.0, எம்.2 கார்டுக்கு 0.8 என்று கனெக்டரே முடிவு செய்துவிடும். மற்றபடி 1.6ஐ மாற்ற எனக்குக் காரணம் கிடைத்ததில்லை. சங்கதி என்னவென்றால் அந்த 1.6க்கு ப்ளஸ் மைனஸ் 10 சதவீதம் டாலரன்ஸ் உண்டு. அதாவது 1.44 முதல் 1.76 வரை எது வந்தாலும் அவர்கள் கணக்கில் சரியான போர்டு. பம்ப் கன்ட்ரோலர் போகிற அலுமினியப் பெட்டியின் பள்ளம் 1.7 மில்லிமீட்டர் என்றால், ஒரு லாட் வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த லாட் சுத்தியலைத் தேட வைக்கும். பள்ளத்தைப் பெரிதாக்குவது சுலபம். முடியாவிட்டால் "1.6, அதிகபட்சம் 1.68, மாஸ்க் உட்பட" என்று மெயிலில் எழுதி, முடியுமா என்று கேட்க வேண்டும். "மாஸ்க் உட்பட" என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் சில இடங்களில் லேமினேட்டின் தடிமனை மட்டும் சொல்கிறார்கள், காப்பரும் பிளேட்டிங்கும் மாஸ்க்கும் அதன் மேல் ஏறும்.

காப்பர் தடிமனையும் இங்கேயே எழுதிவிடலாம். ஒரு அவுன்ஸ் என்றால் 35 மைக்ரான், ஒரு அவுன்ஸ் செம்பை ஒரு சதுர அடியில் பரப்பினால் வருகிற தடிமன். வெளி லேயரில் பெரும்பாலும் அரை அவுன்ஸில் தொடங்கி, துளைகளுக்குப் பிளேட்டிங் போடும்போது ஒரு அவுன்ஸுக்குக் கொண்டுவருவார்கள். ஆகவே "முடிந்த பிறகு 1 அவுன்ஸ்" என்று சொன்னால் குழப்பமில்லை.

அடுத்தது சர்ஃபேஸ் ஃபினிஷ். வெறும் செம்பு காற்றில் கறுத்துவிடும், கறுத்த செம்பில் சோல்டர் ஒட்டாது. அதனால் பேடுகளுக்கு மட்டும் ஒரு பூச்சு. மலிவானது ஹாசல்: போர்டை உருகிய சோல்டரில் முக்கி எடுத்து, சூடான காற்றை வேகமாக ஊதி மிச்சத்தை வழித்துவிடுவார்கள். ரிலே, டெர்மினல், பெரிய ரெசிஸ்டர் எல்லாம் உள்ள போர்டுக்கு இதைப்போல வசதி வேறில்லை, கையால் சோல்டர் செய்யவும் சுகம். ஆனால் ஊதி வழித்த சோல்டர் எல்லா பேடிலும் ஒரே உயரத்தில் நிற்காது. ஒரு பேடில் ஒன்றிரண்டு மைக்ரான், பக்கத்துப் பேடில் முப்பது நாற்பது மைக்ரான் மேடு என்று கூட இருக்கும்.

எங்கள் போர்டில் அந்தப் பவர் சிப்பின் பேடு கால் மில்லிமீட்டர் அகலம்தான், இரண்டு பேடுக்கு நடுவே இடைவெளியும் அவ்வளவுதான். சோல்டர் பேஸ்ட் பூசுகிற ஸ்டென்சில் தகடு 0.12 மில்லிமீட்டர். பேடு மேடாக இருந்தால் தகடு போர்டில் படியாமல் தூக்கி நிற்கும், அடியில் பேஸ்ட் கசிந்து பக்கத்துப் பேடைத் தொடும். அந்த முதல் லாட்டில் ஃபினிஷ் என்ன என்று நான் எழுதவே இல்லை, குறைந்த விலைக்காரர் ஹாசல் போட்டுக் கொடுத்தார். 50 போர்டில் 11 போர்டு அந்த ஒரு சிப்பில் ஷார்ட். அசெம்பிளிக்காரர் ரிஃப்ளோ ஓவனைச் சந்தேகப்பட்டார், நான் பேஸ்ட்டைச் சந்தேகப்பட்டேன், இரண்டு நாள் போனது. கடைசியில் காலி போர்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது பேடுகள் வெள்ளரி விதை மாதிரி உப்பிக்கொண்டு நின்றது தெரிந்தது. காலி போர்டு கைக்கு வந்ததும் இப்படிச் சாய்த்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இந்த மாதிரி போர்டுக்கு எனிக் கேட்க வேண்டும். செம்பின் மேல் மூன்று முதல் ஆறு மைக்ரான் நிக்கல், அது துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் 0.05 மைக்ரான் அளவில் தங்கம். வேதிமுறையில் படிவதால் கண்ணாடி மாதிரி சமமாக இருக்கும். விலை ஏறும், ஆனால் 11 போர்டை ரீவொர்க் செய்த கூலியோடு ஒப்பிட்டால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும்: இந்தத் தங்கம் மிக மெல்லியது, அடிக்கடி செருகி எடுக்கும் விளிம்பு கனெக்டருக்குத் தாங்காது. அதற்குக் கடினத் தங்கம் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஓஎஸ்பி என்று இன்னொன்று உண்டு, சமமானது, மலிவும்கூட, ஆனால் அது மெல்லிய கரிமப் படலம்தான். வியர்த்த கையால் பேடைத் தொட்டாலே கெடும், ஆறு மாதத்துக்குள் அசெம்பிளி செய்துவிட வேண்டும். போர்டு வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு ஐசி வரக் காத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குச் சரிவராது.

ஹாசல்தான் போதும் என்று முடிவு செய்தாலும் ஈயம் உள்ளதா, இல்லாததா என்று எழுதுங்கள். ஈயம் கலந்தது 183 டிகிரியில் உருகும், ஈயமில்லாதவை 217க்கு மேல். உங்கள் பொருள் ஐரோப்பாவுக்குப் போகிறது என்றால் 2006 ஜூலையில் இருந்து அங்கே ஆர்ஓஎச்எஸ் விதி இருக்கிறது, "ஹாசல்" என்று மட்டும் எழுதி ஈயம் கலந்த பூச்சு வந்துவிட்டால் லாட் முழுவதும் வீண்.

எண்ணிக்கைக்கு வருவோம், பலரும் பணத்தை விடுவது இங்கேதான். ஃபேப் உங்கள் போர்டை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. 18 × 24 இன்ச் மாதிரி ஒரு பெரிய பேனலில் அடுக்கிச் செய்து கடைசியில் வெட்டுகிறார்கள். விளிம்பு போக, 410 × 560 மில்லிமீட்டர் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் போர்டு 80 × 60, வெட்டும் இடைவெளி 2 மில்லிமீட்டர் சேர்த்தால் 82 × 62. குறுக்கே 5, நெடுக்கே 9, ஒரு பேனலுக்கு 45 போர்டு. இதே போர்டை வரைந்தவர் ஒரு கனெக்டருக்காக 84 ஆக்கியிருந்தால் குறுக்கே 4தான் பிடிக்கும், திருப்பிப் போட்டாலும் 36தான். நாலு மில்லிமீட்டருக்காக ஒன்பது போர்டு போச்சு.

இப்போது 50 வேண்டும் என்று கேட்டால் என்ன ஆகும்? ஒரு பேனல் போதாது, இரண்டாவதைத் தொட வேண்டும். கணக்குக்காகச் சும்மா எண்களை எடுத்துக்கொள்வோம்: ஃபிலிம், டிரில் புரோகிராம் என்று ஒரே ஒரு தடவை ஆகிற டூலிங் 8,000 ரூபாய், ஒரு பேனல் 9,000 ரூபாய். 50 போர்டுக்கு இரண்டு பேனல், மொத்தம் 26,000, ஒன்றுக்கு 520. அதையே 40 என்று கேட்டிருந்தால் ஒரு பேனல், மொத்தம் 17,000, ஒன்றுக்கு 425. 85 என்று கேட்டிருந்தால் அதே இரண்டு பேனல், அதே 26,000, ஒன்றுக்கு 306 ரூபாய்தான். 45, 90 என்று முழுசாகச் சொல்லாமல் குறைத்துச் சொல்வது ஏன் என்றால், பேனலில் ஒன்றிரண்டு போர்டு டெஸ்டில் தோற்கும், அதற்கு இடம் விட வேண்டும். எல்லா ஃபேபும் பேனல் கணக்கில் விலை போடுவதில்லை, சிலர் சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்பார்கள், சிலர் நாலைந்து பேருடைய போர்டை ஒரே பேனலில் சேர்த்து ஓட்டுவார்கள். அவர்கள் பேனல் அளவு நமக்குத் தெரியாது. அதனால்தான் ஒரே எண்ணைக் கேட்காமல் "40, 50, 85, 200 என்று நான்குக்கும் விலை வேண்டும், டூலிங் தனி வரியில்" என்று கேட்பது. விலை எந்த இடத்தில் குதிக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். டூலிங் தனியாக இருந்தால் அடுத்த ஆர்டரில் அதை மறுபடி வசூலிக்கிறார்களா என்றும் தெரியும்.

இன்னொரு குழப்பம். அசெம்பிளி மெஷினுக்காக நான்கு போர்டை ஓரப்பட்டியோடு சேர்த்து நீங்களே ஒரு சின்னப் பேனலாக வரைந்து அனுப்பியிருந்தால், 50 என்பது என்ன? "சார், 50 போர்டா, 50 பேனலா?" என்று எங்களுக்குப் போன் வந்தது, அதனால் தப்பித்தோம். இல்லாவிட்டால் 200 போர்டு வந்து இறங்கியிருக்கும். "200 போர்டு, அதாவது நான்கு போர்டு கொண்ட 50 பேனல்" என்று இரண்டையும் எழுதுங்கள். கூடவே, ஒரு பேனலில் ஒரு போர்டு கெட்டிருந்தால் அதில் பெருக்கல் குறி போட்டு அனுப்பலாமா, கூடாதா என்றும். உங்கள் அசெம்பிளிக்காரரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், சிலர் குறி போட்ட பேனலைத் தொடவே மாட்டார்கள்.

டெலிவரியில் "அர்ஜென்ட்" என்ற வார்த்தைக்கு எந்த அர்த்தமும் இல்லை, எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். தேதி எழுதுங்கள்: எந்த ஊருக்கு, எந்தத் தேதிக்குள் கையில் வேண்டும் என்று. அவர்கள் "10 நாள்" என்று பதில் சொன்னால் அது வேலை நாள், அதுவும் ஆர்டர் கொடுத்த நாளில் இருந்து அல்ல. ஃபைலைப் பார்த்துவிட்டு அவர்களுடைய இன்ஜினியர் ஈக்யூ என்று சில கேள்வி அனுப்புவார். இந்தத் துளை பிளேட்டிங் உள்ளதா, இந்த எழுத்து பேடின் மேல் ஏறுகிறதே வெட்டிவிடவா, இப்படி. அதற்கு நீங்கள் பதில் சொல்லி, பணமும் போன பிறகுதான் முதல் நாள் தொடங்கும். எங்களுக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை ஈக்யூ வந்தது. மெயிலைப் பார்க்க வேண்டிய தம்பி ஊருக்குப் போய்விட்டான். ஐந்து நாள் கழித்து "போர்டு எங்கே?" என்று நான் கோபமாக போன் பண்ணினால், "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார், நீங்கதான் பதில் சொல்லணும்" என்கிறார்கள். அதிலிருந்து மெயிலிலேயே ஈக்யூவுக்கு யாருக்கு போன் பண்ண வேண்டும் என்று ஒரு பெயரும் நம்பரும் எழுதிவிடுகிறேன்.

அவசரம் நிஜமாகவே இருந்தால், எல்லாவற்றையும் அவசரப்படுத்தாதீர்கள். முதல் 10 போர்டு ஐந்து நாளில், மீதி மூன்று வாரத்தில் என்று பிரித்துக் கேட்டால் விலை எவ்வளவு என்று கேளுங்கள். சில இடத்தில் தனித்தனி ஓட்டம் என்று கூடுதலாகப் போடுவார்கள், சில இடத்தில் ஒத்துக்கொள்வார்கள்.

சரி, இதையெல்லாம் சேர்த்தால் மெயில் எப்படி இருக்கும்? நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறீர்கள், விஷயம் இதுதான்:

"வணக்கம். கீழே உள்ள போர்டுக்கு விலை வேண்டும். கெர்பரும் டிரில் ஃபைலும் இணைப்பில், ஃபைல் பெயர் `pump_ctrl_revC.zip`. 4 காப்பர் லேயர், மெட்டீரியல் எஃப்ஆர்-4, முடிந்த தடிமன் மாஸ்க் உட்பட 1.6, அதிகபட்சம் 1.68, முடியாவிட்டால் சொல்லவும். நான்கு லேயரும் முடிந்த பிறகு 1 அவுன்ஸ். மேல் லேயரில் 0.35 டிராக்குக்கு 50 ஓம், உங்கள் ஸ்டாக்கப்பை விலையோடு அனுப்பவும். ஃபினிஷ் எனிக். பச்சை மாஸ்க், வெள்ளை எழுத்து. போர்டு 80 × 60, தனித்தனியாக வெட்டியது. எல்லாப் போர்டும் எலக்ட்ரிகல் டெஸ்ட் செய்தது. 40, 50, 85, 200 போர்டுக்கு விலை, டூலிங், ஜிஎஸ்டி, கொரியர் தனித்தனி வரியில். முதல் 10 போர்டு 14ஆம் தேதிக்குள், மீதி 30ஆம் தேதிக்குள் கோயம்புத்தூரில் கையில் வேண்டும். ஈக்யூவுக்கு அழைக்க வேண்டிய நம்பர் கீழே."

பத்து வரிகூட இல்லை. மூன்று இடத்துக்கும் இதே மெயில் போனால்தான் திரும்பி வருகிற விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

வந்த கொட்டேஷனில் விலைக்கு முன்னால் அதன் மேலே உள்ள விவர வரியைப் படியுங்கள். நீங்கள் கேட்டதை அவர்கள் வார்த்தையில் திருப்பி எழுதியிருப்பார்கள், எது மாறியிருக்கிறதோ அங்கேதான் விலை குறைந்திருக்கும். "ஃபினிஷ்: கெர்பரில் உள்ளபடி" என்று இருந்தால் நான் உடனே போன் பண்ணுவேன், கெர்பரில் ஃபினிஷ் எங்கே இருக்கிறது? ஆர்டர் கொடுக்கும்போது ஃபைல் பெயரையும் கடைசியாக ஒரு தடவை பாருங்கள். விலை கேட்டது `revC` க்கு, அதற்குள் யாராவது ஒரு ரெசிஸ்டரை நகர்த்தி `revD` ஆக்கியிருப்பார்கள், ஃபேபில் ஓடுவது பழையதாக இருக்கும்.